பெற்றோரை இங்கிலாந்துக்கு அழைக்க ஸ்பான்சர் கடிதம்: ஒரு தடவை விசா மறுத்துவிட்டார்கள், என் கடிதத்தில் எங்கே தப்பு?

பொதிகைத்தென்றல் (கவன்ட்ரி) | டிசம்பர் 6

வணக்கம். நானும் கணவரும் கவன்ட்ரியில் இருக்கிறோம், இருவரும் வேலை விசாவில். ஏப்ரல் 10 வாக்கில் எனக்குப் பிரசவம் என்று நாள் சொல்லியிருக்கிறார்கள். அப்பா அம்மா அம்பாசமுத்திரத்தில். அப்பா ஓய்வு பெற்ற பள்ளித் தலைமையாசிரியர், மாதம் 41,000 ரூபாய் பென்ஷன். அம்மா வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். சொந்த வீடு, ஒன்றரை ஏக்கர் வயல் உண்டு.

அக்டோபர் கடைசியில் இருவருக்கும் விசிட் விசா போட்டோம். விண்ணப்பத்தை ஊரில் ஒரு ஏஜென்ட் நிரப்பினார். ஸ்பான்சர் கடிதம் நான் எழுதியது. போன வாரம் இரண்டும் மறுக்கப்பட்டு வந்துவிட்டன. ஆங்கிலத்தில் இருந்த என் கடிதத்தைத் தமிழில் அப்படியே போடுகிறேன்:

"மதிப்பிற்குரிய ஐயா, என் பெற்றோர் எனக்காகப் பல தியாகங்கள் செய்தவர்கள். அவர்களுக்கு லண்டனைச் சுற்றிக் காட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஜனவரி 10 முதல் 6 மாதம் என்னோடு தங்குவார்கள். அவர்களுடைய எல்லாச் செலவையும் நானே ஏற்கிறேன். விசா முடிவதற்குள் நாடு திரும்புவார்கள் என்று உறுதி கூறுகிறேன். தயவுகூர்ந்து விசா வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்."

மறுப்புக் கடிதத்தின் சாரம் மூன்று. அப்பா கணக்கில் இருந்த 6,82,000 ரூபாயில் 5,00,000 விண்ணப்பத்துக்கு 11 நாள் முன்பு போட்டது, எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. படிவத்தில் 3,000 பவுண்டு அப்பாவே செலவு செய்வார், வேறு யாரும் தரவில்லை என்று இருக்கிறது, மகளின் கடிதமோ எல்லாம் நானே என்கிறது. கடைசியாக, இந்த வருமானம் உள்ளவர்கள் 6 மாதம் ஊர் சுற்றிப் பார்க்க வருவது நம்பும்படி இல்லை, திரும்பிப் போவார்கள் என்று திருப்தி ஏற்படவில்லை.

கடிதத்தை இன்னும் பணிவாக எழுதியிருக்க வேண்டுமா? மறுபடி போட்டால் கிடைக்குமா?

---

சேலத்துக்காரன் (ரீடிங்) | டிசம்பர் 6

பணம்தான் பிரச்சினை சிஸ்டர். கணக்கில் பணம் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும், நீங்கள் 11 நாளில் போட்டுவிட்டீர்கள். இந்தத் தடவை 7 லட்சம் போட்டு 28 நாள் கையை வைக்காமல் விட்டுவிட்டு அப்புறம் விண்ணப்பியுங்கள். அப்பாவின் 6 மாத ஸ்டேட்மென்ட், உங்கள் சம்பளச் சீட்டு கண்டிப்பாக வேண்டும்.

இன்னொன்று, குழந்தை விஷயத்தை மட்டும் எழுதிவிடாதீர்கள். பிள்ளை பார்க்க வருகிறார்கள் என்றால் அது வேலை, விசிட் விசாவில் வேலை கூடாது என்று அடித்துவிடுவார்கள். அதை எழுதாமல் விட்டது நல்லதுதான்.

---

வடமராட்சியான் (டொராண்டோ) | டிசம்பர் 6

தங்கச்சி, நான் போன வருசம் அம்மாவைக் கூப்பிட்டனான். சூப்பர் விசா. கடிதத்திலை வீட்டிலை எத்தனை பேர் எண்டு எழுதி, அவையின்ரை பேரும் போடவேணும். குடும்ப ஆக்களின்ரை எண்ணிக்கைக்கு ஏற்ற குறைஞ்சபட்ச வருமானம் காட்டவேணும், ஒரு வருசத்துக்கு ஒரு லட்சம் டொலர் மெடிக்கல் இன்சூரன்சும் கட்டாயம். இதெல்லாம் சரியா இருந்தா ஒருமுறை வந்து 5 வருசம் வரை நிக்கலாம். உங்கடை கடிதத்திலை இன்சூரன்சே இல்லை, அதாலைதான் மறுத்திருப்பினம்.

---

பொதிகைத்தென்றல் | டிசம்பர் 6

நன்றி அண்ணா, ஆனால் நீங்கள் சொல்வது கனடா. நான் இருப்பது பிரிட்டன். இங்கே இன்சூரன்ஸ் கட்டாயம் என்று எங்கும் பார்க்கவில்லை.

---

பழையஃபைல் (கிழக்கு லண்டன்) | டிசம்பர் 7

முதலில் ஒரு வார்த்தை. ஒரு இலவச ஆலோசனை நிலையத்தில் 9 வருடம் இந்த மாதிரி மறுப்புக் கடிதங்களைப் பிரித்துப் படிக்கிற வேலை பார்த்தேன். இப்போது பதிவு பெற்ற ஆலோசகர் இல்லை. பொதுவாகத்தான் பேசுவேன், உங்கள் விண்ணப்பத்துக்கு நான் பொறுப்பாளி ஆக மாட்டேன்.

பணிவு குறைந்ததால் மறுக்கவில்லை. கடிதத்தில் பணிவு தவிர வேறு எதுவும் இல்லாததுதான் பிரச்சினை. அங்கே உட்கார்ந்திருப்பவர் உங்கள் அப்பாவை நேரில் பார்க்கப் போவதில்லை. சென்னையில் கைரேகை எடுக்கிற இடத்தில் இருப்பவர்களுக்கு முடிவெடுக்கிற அதிகாரமும் கிடையாது. முடிவெடுப்பவருக்கு முன்னால் இருப்பது ஒரு படிவம், ஸ்கேன் செய்த சில தாள்கள், அவ்வளவுதான். அந்தத் தாள்களை ஒன்றோடொன்று கோக்கிற நூல்தான் ஸ்பான்சர் கடிதம். கடிதத்தில் ஒரு வரி இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு தாள் இருக்க வேண்டும், படிவத்தில் அதே பதில் இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் "எல்லாச் செலவையும் நானே ஏற்கிறேன்" என்கிற வரிக்குப் பின்னால் என்ன தாள் வைத்தீர்கள்?

வருகையாளர் விதிகளில் வி 4.3 என்று ஒரு பத்தி உண்டு. வருபவரின் செலவை இன்னொருவர் ஏற்கலாம், ஆனால் மூன்று விஷயத்தில் அலுவலருக்குத் திருப்தி வர வேண்டும் என்கிறது. இருவருக்கும் இடையில் உண்மையான உறவு இருக்கிறது, செலவை ஏற்பவர் குடியேற்றச் சட்டத்தை மீறி இங்கே இருப்பவர் இல்லை, வருபவர் தங்கும் காலம் முழுக்க அவரால் செலவு செய்ய முடியும், செய்யவும் செய்வார். உங்கள் பழைய கடிதம் இந்த மூன்றில் ஒன்றுக்குக்கூட ஆதாரம் தரவில்லை. மகள் என்று சொல்லியிருக்கிறீர்கள், பிறப்புச் சான்று இல்லை. என்ன விசாவில் இருக்கிறீர்கள் என்று இல்லை. சம்பளம் எவ்வளவு என்று இல்லை.

சேலத்துக்காரருக்கு: அந்த 28 நாள் கணக்கு மாணவர் விசாவுடையது. விசிட் விசாவுக்கு அப்படி ஒரு விதி இல்லை. 28 நாள் இல்லை, 90 நாள் வைத்திருந்தாலும், 41,000 பென்ஷன் வாங்குகிறவர் கணக்கில் திடீரென்று 7 லட்சம் வந்தால் அது எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்பார்கள். ஸ்டேட்மென்டும் சம்பளச் சீட்டும் வேண்டும் என்றது சரி.

பொதிகைத்தென்றல், இப்போது நேராகக் கேட்கிறேன். அந்த 5 லட்சம் யாருடையது?

---

பொதிகைத்தென்றல் | டிசம்பர் 7

மாமாவுடையது. "கணக்கில் கனமாக இருந்தால்தான் கொடுப்பான்" என்று ஏஜென்ட் சொன்னாராம். மாமா நிலம் விற்ற பணத்திலிருந்து போட்டுவிட்டார். நவம்பரில் அப்பா திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கே மறுப்பு வந்த பிறகுதான் தெரியும்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அப்பாவுக்கு அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 4,20,000 ரூபாய் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வருகிறது. அந்தப் பாஸ்புத்தகத்தை ஏஜென்ட் கேட்கவே இல்லை. அப்பாவும் "அது எதுக்கு, ஆத்திர அவசரத்துக்கு வச்சது" என்று பேசாமல் இருந்துவிட்டார்.

---

பழையஃபைல் | டிசம்பர் 7

பார்த்தீர்களா, சொந்தப் பணம் பெட்டியில் தூங்குகிறது, கடன் வாங்கிய பணம் மேடையில் ஏறி நிற்கிறது. நான் பார்த்த ஃபைல்களில் பாதிக்கு இதே கதைதான்.

விசிட் விசாவுக்கு இவ்வளவு பணம் இருக்க வேண்டும் என்று தொகை எதுவும் குறிப்பிடப்படவில்லை. வருகையின் செலவுக்குப் போதுமா, அது அவர்களுடைய பணம்தானா, இவ்வளவுதான் கேள்வி. அப்பாவின் கணக்கில் மாமா பணம் போக 1,82,000 இருந்திருக்கிறது. இருவருக்கும் போக வர டிக்கெட் என்ன ஆகும்?

---

பொதிகைத்தென்றல் | டிசம்பர் 7

திருவனந்தபுரத்திலிருந்து பர்மிங்காம் பார்த்தோம். இருவருக்கும் சேர்த்து 1,50,000 ரூபாய் சொச்சம்.

---

பழையஃபைல் | டிசம்பர் 7

அப்படியானால் டிக்கெட் அப்பாவின் செலவு. இருப்பிடம், சாப்பாடு, உள்ளூர்ப் போக்குவரத்து உங்கள் செலவு. இப்படிப் பிரித்து எழுதுங்கள், படிவத்திலும் அதே பிரிவைக் காட்டுங்கள். உங்கள் பயணத்துக்கு வேறு யாராவது பணம் தருகிறார்களா என்று படிவம் தனியாகக் கேட்கும். அங்கே ஆம் என்று போட்டு, உங்கள் பெயரையும் தொகையையும் காரணத்தையும் எழுத வேண்டும். போன தடவை ஏஜென்ட் அங்கே இல்லை என்று போட்டதால்தான் உங்கள் கடிதமே உங்களுக்கு எதிர்சாட்சி ஆகிவிட்டது. டிக்கெட்டை மட்டும் விசா வரும் முன் வாங்கிவிடாதீர்கள்.

---

தாம்பரம்தாத்தா | டிசம்பர் 8

வணக்கம் அம்மா. என் பையன் லீட்ஸில் இருக்கிறான், நானும் வீட்டுக்காரியும் போகப் போகிறோம். கடிதத்தை 100 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று இங்கே சொல்கிறார்கள். பையனிடம் கேட்டால் "அதெல்லாம் வேண்டாம்பா" என்கிறான். அவன் எதையும் அப்படித்தான் சொல்வான். நீங்கள் நோட்டரி வாங்காததால் மறுத்திருப்பார்களோ?

---

பழையஃபைல் | டிசம்பர் 8

ஐயா, இந்தத் தடவை பையன் சொல்வதுதான் சரி. வெள்ளைத் தாளில் தட்டச்சு செய்து, தேதி போட்டு, கையெழுத்திட்டு, முகவரியும் தொலைபேசி எண்ணும் கொடுத்தால் போதும். முத்திரைத்தாளும் நோட்டரியும் கேட்கப்படுவதில்லை. அந்தப் பணத்தில் தமிழில் இருக்கிற சான்றிதழ்களை மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பில், இது மூலத்தின் சரியான மொழிபெயர்ப்பு என்று ஒரு வரியும், தேதியும், மொழிபெயர்த்தவரின் முழுப்பெயரும் கையெழுத்தும், தொடர்புகொள்ளும் விவரமும் இருக்க வேண்டும்.

---

பொதிகைத்தென்றல் | டிசம்பர் 8

மொழிபெயர்ப்பு என்றதும் இன்னொரு சந்தேகம். என் பிறப்புச் சான்று 1993-இல் வாங்கியது. அதில் அப்பா பெயர் "சு. சண்முகம்". அப்பா பாஸ்போர்ட்டில் "சுடலைமுத்து சண்முகம்" என்று விரித்து எழுதியிருக்கிறது. போதாக்குறைக்கு அந்தச் சான்றில் என் பெயர் போடும் இடமே காலி, "பெண்" என்று மட்டும் இருக்கிறது. இதை வைத்து மகள் என்று எப்படி நிரூபிப்பது?

---

பழையஃபைல் | டிசம்பர் 8

நம் ஊர் இனிஷியல் அவர்களுக்குப் புரியாது. மூன்று தாளில் மூன்று விதமாக இருந்தால் மூன்று பேர் என்று நினைக்க வழி உண்டு. அதனால் கடிதத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். என் தந்தையின் பெயர் என் பிறப்புச் சான்றில் முதலெழுத்தோடும் அவர் பாஸ்போர்ட்டில் விரித்தும் உள்ளது, "சு" என்பது அவருடைய தந்தை சுடலைமுத்துவின் பெயரைக் குறிக்கும், இருவரும் ஒருவரே என்று. கூடவே உங்கள் இந்திய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தை வையுங்கள், அதில் தாய் தந்தை பெயர் இருக்கும். அப்பா பெயர் உள்ள பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் சேர்க்கலாம். காலி இடம் உள்ள பிறப்புச் சான்றில் பெயர் சேர்க்க ஊரில் வழி உண்டு, நேரம் இருந்தால் அப்பாவை விசாரிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டாலும் பாஸ்போர்ட் பக்கம் பெரிய துணை.

இனி நோக்கம். பிரசவத்தை மறைத்தது இந்த விண்ணப்பத்தின் பெரிய தவறு என்பது என் கருத்து. 6 மாதம் சுற்றிப் பார்க்கிறோம் என்றால் யாருக்கும் சந்தேகம் வரும். மகளுக்கு முதல் பிரசவம், தாய் வருகிறாள் என்றால் எந்த நாட்டு அலுவலருக்கும் புரியும். வேலை என்று அடித்துவிடுவார்கள் என்ற பயம் ஊரெல்லாம் உண்டு. அலுவலர்களுக்கான வழிகாட்டியிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. குடும்பத்தார் வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம், அது குறுகிய கால வருகையாக இருக்க வேண்டும், ஆயா வேலைக்கு ஆள் வைத்தது போல் ஆகக்கூடாது. எனவே "நான் வேலைக்குத் திரும்பும்போது அம்மா குழந்தையைப் பார்த்துக்கொள்வார்" என்று எழுதாதீர்கள், அது நிஜமாகவே எல்லை தாண்டுவது. பிரசவத்தின்போது கூட இருக்கவும் பேரக்குழந்தையைப் பார்க்கவும் வருகிறார்கள் என்று எழுதுங்கள். பிரசவ நாளைக் குறித்து மருத்துவச்சி தருகிற மேட்பி1 சான்றின் நகலை வையுங்கள்.

---

சேலத்துக்காரன் | டிசம்பர் 8

எனக்குத் தெரிந்தவர் ஒருவர் பிள்ளை விஷயத்தை எழுதித்தான் மறுப்பு வாங்கினார். நடைமுறை வேறு, புத்தகம் வேறு.

---

பழையஃபைல் | டிசம்பர் 8

அந்தக் கடிதத்தை நான் பார்க்கவில்லை. எத்தனை மாதம் கேட்டார், வேலைக்குப் போகிற தாய்க்குப் பதிலாக வருவதாக எழுதினாரா என்று தெரியாமல் நான் எதுவும் சொல்ல முடியாது.

---

மீனாட்சிசுந்தரி (பர்மிங்காம்) | டிசம்பர் 9

என் அம்மா இரண்டு வருட விசாவில் மூன்று தடவை வந்தார். ஒவ்வொரு தடவையும் ஆறு மாதத்துக்கு ஒரு வாரம் குறைய. மூன்றாம் தடவை விமான நிலையத்தில் ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். "ஊரில் இருப்பதைவிட இங்கேதானே அதிகம் இருக்கிறீர்கள், ஊரில் வீட்டை யார் பார்க்கிறார்கள்" என்று கேட்டார்களாம். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, எனக்கு ஃபோன் போட்டார்கள். கடைசியில் விட்டுவிட்டார்கள், ஆனால் அம்மா அதற்குப் பிறகு வரமாட்டேன் என்கிறார். அடிக்கடி வந்து இங்கேயே குடியிருப்பது போல் ஆகக்கூடாது என்று விதி இருக்கிறதாம். அதனால் முதல் தடவையே 6 மாதம் கேட்காதீர்கள். கடிதத்தின் நகல் ஒன்றை அம்மா கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட்டுவிட்டால் அங்கே எடுக்க முடியாது.

---

பொதிகைத்தென்றல் | டிசம்பர் 10

பயமாக இருக்கிறது அக்கா. சரி, அப்பாவோடு பேசினேன். பிசானம் அறுவடை மார்ச் பாதிக்குள் முடிந்துவிடும். கார் சாகுபடிக்கு ஜூன் தொடக்கத்தில் பாபநாசம் அணை திறப்பார்கள், அதற்குள் நாற்றுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும், வயலை வேறு யாரிடமும் விட மாட்டேன் என்கிறார். ஆக மார்ச் 25 வந்து மே 30 திரும்பலாம். 66 நாள்.

எங்கள் கணக்கு: எனக்குக் கைக்கு வருவது மாதம் 2,480 பவுண்டு, கணவருக்கு 2,150. வாடகை 1,100, கவுன்சில் வரி 150, கேஸ் கரண்ட் 180, சாப்பாடு 450, கார் 250, மற்றவை 300. செலவு 2,430, மிச்சம் 2,200. சேமிப்பில் 6,400 இருக்கிறது. வலுவாகத்தானே இருக்கிறது?

---

பழையஃபைல் | டிசம்பர் 10

அந்த வயல் கணக்கை இங்கே எழுதியதற்குப் பதில் கடிதத்தில் எழுதியிருந்தால் முதல் தடவையே பாதி வேலை முடிந்திருக்கும். "திரும்புவார்கள் என்று உறுதி கூறுகிறேன்" என்று மகள் எழுதுவதற்கு மதிப்பு மிகக் குறைவு, நீங்கள் அவர்களைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் விமானத்தில் ஏற்ற முடியாது. அறுவடைக்கும் அணை திறப்புக்கும் நடுவே வருகிறார்கள் என்பது தானாகவே நம்ப வைக்கிறது. பட்டா, சிட்டா நகல் மொழிபெயர்ப்போடு போகட்டும்.

வருமானக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. அவர்கள் வந்திருக்கும்போது நீங்கள் மகப்பேறு விடுப்பில் இருப்பீர்கள். சட்டப்படியான மகப்பேறு ஊதியம் முதல் 6 வாரம் சராசரி வாரச் சம்பளத்தில் 90 விழுக்காடு, அப்புறம் வாரத்துக்கு 190 பவுண்டைச் சுற்றி. உங்கள் நிறுவனம் கூடுதலாகத் தருமா?

---

பொதிகைத்தென்றல் | டிசம்பர் 10

தராது. இதை யோசிக்கவே இல்லை.

---

பழையஃபைல் | டிசம்பர் 10

அலுவலர் யோசிப்பார். பிரசவம் என்று எழுதிவிட்டு 2,480 சம்பளத்தைக் காட்டினால், அந்தச் சம்பளம் மே மாதத்தில் வருமா என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி. மோசமான மாதத்தை எடுத்துக் கணக்குப் போடுங்கள். உங்களுக்கு மாதம் சுமார் 800, கணவருக்கு 2,150, ஆக 2,950. வழக்கமான செலவு 2,430, பெற்றோர் இருவருக்கும் சாப்பாடு, பஸ் எல்லாம் மாதம் 250 என்று வைத்தால் 2,680. அப்போதும் 270 மிஞ்சுகிறது, சேமிப்பில் கைவைக்கத் தேவையில்லை. குழந்தைச் செலவு வந்தால் சேமிப்பு இருக்கிறது. இதை அப்படியே கடிதத்தில் சொல்லுங்கள். கணவரும் கடிதத்தில் கையெழுத்திடட்டும், அவருடைய சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கும் சேரட்டும். இந்த ஊதியம் வேலை தருபவர் வழியாக வருவது, அரசு உதவித்தொகைக் கணக்கில் சேராது. அதனால் உங்கள் விசா நிபந்தனைக்கும் இடைஞ்சல் இல்லை.

வடமராட்சி அண்ணன் சொன்ன இன்சூரன்ஸ் இங்கே கட்டாயமில்லை. ஆனால் வாங்கிவிடுங்கள். அவசரப் பிரிவில் பார்ப்பது இலவசம், வார்டில் சேர்த்துவிட்டால் வருகையாளருக்கு ஒன்றரை மடங்கு கட்டணம். 500 பவுண்டுக்கு மேல் கட்டாமல் விட்டால் அடுத்த விசாவில் அது எழுந்து நிற்கும்.

---

பொதிகைத்தென்றல் | ஜனவரி 4

புது வரைவு. ஆங்கிலத்தில் எழுதியதன் தமிழ் வடிவம்:

"நுழைவு அனுமதி அலுவலருக்கு. நான் 2021 முதல் திறன் பணியாளர் விசாவில் கவன்ட்ரியில் கணவருடன் வசிக்கிறேன் (இ-விசா, பாஸ்போர்ட் இணைப்பு 1, 2). விண்ணப்பதாரர்கள் இருவரும் என் தாய் தந்தை (இணைப்பு 3 முதல் 5). பிறப்புச் சான்றில் தந்தையின் பெயர் முதலெழுத்தோடு உள்ளது. அதன் விரிவு அவர் பாஸ்போர்ட்டில் உள்ளது, இருவரும் ஒருவரே.

எனக்கு ஏப்ரல் 10 அளவில் முதல் பிரசவம் எதிர்பார்க்கப்படுகிறது (இணைப்பு 6). அந்தச் சமயத்தில் என்னோடு இருக்கவும் பேரக்குழந்தையைப் பார்க்கவும் அவர்கள் மார்ச் 25 முதல் மே 30 வரை, 66 நாள் வர விரும்புகிறார்கள். நான் ஒரு வருட விடுப்பில் இருப்பேன், குழந்தையை நானே பார்த்துக்கொள்வேன். தந்தை ஒன்றரை ஏக்கர் நெல் பயிரிடுகிறார், ஜூனில் தொடங்கும் பருவத்துக்கு அவர் ஊரில் இருக்க வேண்டும் (இணைப்பு 7).

விமானக் கட்டணம் சுமார் 1,50,000 ரூபாயைத் தந்தை தம் சேமிப்பிலிருந்து செலுத்துவார். தங்குமிடம், உணவு, உள்ளூர்ப் போக்குவரத்தை நாங்கள் ஏற்கிறோம். விடுப்புக் காலத்தில் எங்கள் மாத வருமானம் குறைந்தது 2,950 பவுண்டு, எங்கள் செலவு 2,430, பெற்றோருக்கான கூடுதல் செலவு 250 (இணைப்பு 8 முதல் 11). இரு படுக்கையறை வீட்டில் ஒன்று அவர்களுக்கு. வாடகை ஒப்பந்தமும் வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதமும் இணைப்பு 12, 13.

நவம்பரில் இவர்களுடைய விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அப்போது நான் பிரசவத்தைக் குறிப்பிடவில்லை. செலவை ஏற்பவர் யார் என்பதும் படிவத்தோடு பொருந்தவில்லை. அவை இங்கே திருத்தப்பட்டுள்ளன. தந்தையின் கணக்கில் வந்த தொகை குறித்து அவரே தம் கடிதத்தில் விளக்கியுள்ளார்."

கீழே இருவர் கையெழுத்து. அப்பா கடிதத்தில், அந்த 5 லட்சம் மைத்துனர் தந்தது, சேமிப்பாகக் காட்ட ஏஜென்ட் சொன்னது, நவம்பரில் திருப்பித் தந்தாயிற்று என்று எழுதி, திருப்பிய பதிவுள்ள ஸ்டேட்மென்டும் அஞ்சலகப் பாஸ்புத்தகமும் பென்ஷன் ஆணையும் வைக்கிறோம்.

---

சேலத்துக்காரன் | ஜனவரி 4

கடன் வாங்கிக் காட்டினோம் என்று நீங்களே எழுதிக் கொடுப்பதா? ஏமாற்றினோம் என்று ஒப்புக்கொள்வது மாதிரி இல்லையா? நிலம் விற்ற பணம் என்று மட்டும் எழுதுங்கள், அதுவும் உண்மைதானே.

---

பழையஃபைல் | ஜனவரி 5

மாமாவின் நிலம், அப்பாவின் நிலம் இல்லை. அப்பா விற்றது போல் படிக்கும்படி எழுதினால்தான் அது பொய். பொய்த் தகவல், பொய் ஆவணம் என்று முடிவு கட்டினால் 10 வருடம் விசா கிடைக்காமல் போகும். இப்போது வந்திருப்பது சாதாரண மறுப்பு, தடை எதுவும் இல்லை. ஸ்டேட்மென்ட் உண்மையான ஸ்டேட்மென்ட், அதில் திருத்தம் ஏதும் இல்லை. ஆனாலும் சேலத்துக்காரர் கேட்பதில் ஒரு நியாயம் உண்டு, "சேமிப்பாகக் காட்ட ஏஜென்ட் சொன்னது" என்கிற துண்டு உங்களுக்குக் கெடுதலாகவும் படிக்கப்படலாம். இந்த ஒரு வரியை மட்டும் பதிவு பெற்ற ஆலோசகர் ஒருவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். முந்தைய மறுப்பைப் படிவத்தில் ஆம் என்று சொல்வதில் மட்டும் எந்த யோசனையும் வேண்டாம், அது அவர்களிடமே இருக்கிறது.

இந்த மறுப்புக்கு மேல்முறையீடு கிடையாது, மறுபடி போடுவதுதான் வழி. கட்டணம் இன்னொரு முறை போகும். பயணத்துக்கு 3 மாதம் முன்புதான் விண்ணப்பிக்க முடியும், நீங்கள் அதற்குள் வந்துவிட்டீர்கள். படிவத்தை நீங்களே உட்கார்ந்து நிரப்புங்கள்.

---

தாம்பரம்தாத்தா | ஜனவரி 5

இந்தக் கடிதத்தை என் பையனுக்கு அனுப்பினேன். "இவ்வளவு விவரம் எதுக்குப்பா" என்கிறான். படிவத்தில் அவன்தான் செலவு என்று போட்டிருக்கிறோம். அவனுடைய சம்பளச் சீட்டைக் கேட்க எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.

---

வடமராட்சியான் | ஜனவரி 5

கேளுங்கோ ஐயா. என்ரை அம்மாவும் கூச்சப்பட்டவ, நான்தான் கேக்காமலே குடுத்தனான்.

---

பொதிகைத்தென்றல் | பிப்ரவரி 2

ஆலோசகரிடம் காட்டினேன். "ஏஜென்ட் சொன்னது" என்பதை எடுத்துவிட்டு, "மைத்துனர் தற்காலிகமாகத் தந்த தொகை, இந்தப் பயணத்துக்கு அதை நம்பியிருக்கவில்லை" என்று மாற்றினார். ஜனவரி 9 அன்று சென்னையில் கைரேகை கொடுத்தார்கள். நேற்று பாஸ்போர்ட் வந்தது, இருவருக்கும் விசா கிடைத்துவிட்டது. கேட்டது 66 நாள், விசா 6 மாதத்துக்கு இருக்கிறது.

இப்போது வீட்டில் புதுக் கச்சேரி. அம்மா, "ஆறு மாசம்தான் குடுத்திருக்கானே, ஐம்பது நாள் ஆன பச்சப்பிள்ளைய விட்டுட்டு எப்படி வர்றது, நான் ஆகஸ்ட்ல வாரேன், நீங்க போங்க" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இருக்கலாமா?

---

மீனாட்சிசுந்தரி | பிப்ரவரி 2

பிள்ளை பிறக்கும் முன்னாலேயே அதன் வயதை எண்ணிவிட்டாரா! வாழ்த்துகள். வேண்டாம் பொதிகை. அடுத்த தடவை கடிதத்தில் எந்தத் தேதி எழுதினாலும் நம்ப மாட்டார்கள்.

---

பழையஃபைல் | பிப்ரவரி 2

வாழ்த்துகள். விசா செல்லும் காலத்துக்குள் இருந்தால் சட்டப்படி தப்பு இல்லை. திட்டம் மாறுவது மனித இயல்பு என்று வழிகாட்டியும் ஏற்கும். ஆனால் கடிதத்தில் மே 30 என்று கையெழுத்திட்டது நீங்கள். ஜூனில் கொஞ்சம் நீட்டினால் ஒரு விளக்கம் சொல்லலாம், ஆகஸ்ட் என்றால் மீனாட்சியின் அம்மாவிடம் கேட்ட கேள்விகள் வரும். நான் என்றால் ஜூன் பாதியோடு நிறுத்துவேன். ஆனால் நான் அம்மா இல்லை.

---

பொதிகைத்தென்றல் | பிப்ரவரி 3

அப்பாவுக்கு மட்டும் மே 30 டிக்கெட் போட்டுவிட்டோம். அம்மா டிக்கெட்டில் திரும்பும் தேதியை மாற்றிக்கொள்ளும் வகையாகப் பார்த்து, இப்போதைக்கு அதே மே 30 போட்டிருக்கிறோம். அம்மாவிடம் அந்த "மாற்றலாம்" என்ற சங்கதியை இன்னும் சொல்லவில்லை.